நாள்தோறும் வரும் வானிலை அறிக்கையை அட்டவணையாக்கல்: காலக்கிளவியும் வினைமுற்றும் வகிக்கும் பங்கு

ஆய்வுச்சுருக்கம்

தமிழில் வெளியாகும் அன்றாட வானிலை அறிக்கையிலிருந்து நாள், அதிகபட்ச வெப்பநிலை, குறைந்தபட்ச வெப்பநிலை, மழையளவு ஆகிய நான்கு நிரல்கள் கொண்ட அட்டவணையை உருவாக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. பனுவலிலிருந்து எண்களைப் பிரித்தெடுப்பது எளிது. எடுத்த எண் எந்த நாளுக்கு உரியது, நிகழ்ந்ததா நிகழவிருப்பதா, அளவா ஒப்பீடா என்று தீர்மானிப்பதே அரிது. இம்மூன்றையும் எண்ணைச் சூழ்ந்துள்ள காலக்கிளவிகளும் வினைமுற்றுகளும் உருபுகளும் உணர்த்துகின்றன என்பதைச் சென்னை நகருக்குரிய ஒரு மாதிரி அறிக்கையைக் கொண்டு இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: வானிலை அறிக்கை, தகவல் பிரித்தெடுத்தல், காலக்கிளவி, நிரல்நிறை, ஒருங்குறி, கணினித்தமிழ்.

1. முன்னுரை

வானிலை அறிக்கையின் மொழி மிகக் குறுகிய எல்லைக்குள் இயங்குவது. சொற்கள் சிலவே, தொடரமைப்புகளும் சிலவே, அவையே நாள்தோறும் மீண்டும் மீண்டும் வருகின்றன. இவ்வியல்பினாலேயே கனடாவில் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'மெத்தியோ' என்னும் இயந்திர மொழிபெயர்ப்பு அமைப்பு, 1977ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்க்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டது. பொதுமொழியை மொழிபெயர்க்க இயலாதிருந்த காலத்தில் அது இயன்றமைக்குத் துறைமொழியின் இக்குறுக்கமே காரணம்.

தமிழ் அறிக்கைகளிலும் இக்குறுக்கம் உண்டு. எனவே எண்களைத் தேடி எடுக்கும் சிறு நிரல் ஒன்றே போதும் என்று தோன்றலாம். அவ்வாறு எடுத்து அமைத்த அட்டவணை பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். ஆயினும் ஒரு நாள் பிசகியிருக்கலாம், முன்னறிவிப்பைப் பதிவாகக் கொண்டிருக்கலாம், அளக்கப்படாத மழையைச் சுழியமாகக் காட்டலாம். இப்பிழைகளுள் எதுவும் அட்டவணையைப் பார்த்த அளவில் புலப்படாது. பழைய நாளிதழ்களிலுள்ள வானிலைச் செய்திகளைத் தொகுத்து வெள்ளம், வறட்சி, வேளாண்மை, நாட்குறிப்பு ஆகியவற்றோடு ஒப்பிட முனையும் ஆய்வாளருக்கு இதனால் பிழையான முடிவே கிடைக்கும்.

2. மூன்று எண்கள், மூன்று காலவெளிகள்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நிலையங்களில் மழையளவு நாள்தோறும் இந்திய நேரப்படி காலை 8.30 மணிக்கு அளக்கப்படுகிறது. முந்தைய நாள் காலை 8.30 மணி முதல் அன்று காலை 8.30 மணி வரை பெய்த மழை, அளக்கப்பட்ட நாளின் பெயரிலேயே பதிவாகிறது. குறைந்தபட்ச வெப்பநிலை பெரும்பாலும் விடியலை ஒட்டி நேர்வதால், காலையில் படிக்கப்படும் அளவு அந்நாளுக்கே உரியதாகிறது. அதிகபட்ச வெப்பநிலை பிற்பகலில் நேர்வது. ஆகவே நண்பகலில் வெளியாகும் அறிக்கையில் உள்ள அதிகபட்ச வெப்பநிலை முந்தைய நாளுக்குரியது.

அறிக்கையின் தலைப்பில் ஒரே நாள் குறிக்கப்பட்டிருப்பினும் அதிலுள்ள மூன்று எண்களும் அட்டவணையின் ஒரே வரிசைக்கு உரியன அல்ல. அதிகபட்சம் மேல்வரிசைக்குச் செல்ல வேண்டும். குறைந்தபட்சமும் மழையும் அந்நாளின் வரிசையில் அமைய வேண்டும். அவ்வரிசையின் அதிகபட்சத்திற்கு மறுநாள் அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்நுட்பத்தைப் புறக்கணித்தால் நேரும் விளைவை 2015ஆம் ஆண்டுச் சென்னைப் பெருவெள்ளம் காட்டும். அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டரும், மீனம்பாக்கத்தில் 35 சென்டிமீட்டரும், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் மழை பதிவானது. மக்களின் நினைவிலும் எழுத்திலும் அது டிசம்பர் 1ஆம் நாள் மழை. பதிவேட்டிலோ டிசம்பர் 2ஆம் நாள் மழை. இரண்டும் உண்மையே. இவ்வழக்கை அறியாத ஆய்வாளர் ஒருவர் 1ஆம் நாள் இரவில் எழுதப்பட்ட நாட்குறிப்பை அட்டவணையோடு ஒப்பிட்டால், பெருமழை பெய்வதற்கு முன்பே தெருவில் வெள்ளம் புகுந்ததாக முடிவு செய்ய நேரும்.

இதற்குத் தீர்வு மழையை ஒரு நாள் பின்னுக்கு நகர்த்துவதன்று. அவ்வாறு நகர்த்திய அட்டவணை அதிகாரப்பூர்வப் பதிவுகளோடு பொருந்தாது. மழைநிரலின் தலைப்பிலேயே 'காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரம்' என்று குறித்துவிடுவதே தக்கது.

3. மாதிரி அறிக்கை

கீழ்வரும் அறிக்கை விளக்கத்தின் பொருட்டு இக்கட்டுரைக்காக அமைக்கப்பட்டது. தொடரமைப்பு வழக்கிலுள்ளது, எண்கள் கற்பனை. மாத எல்லையில் நேரும் சிக்கலைக் காட்டவே நவம்பர் முதல் நாள் தேர்ந்துகொள்ளப்பட்டது. தொடர்களுக்கு முன்னுள்ள எண்கள் சுட்டுவதற்காக இடப்பட்டவை.

> நாள்: 01-11-2023
>
> (1) அடுத்த 24 மணி நேரத்தில் நகரின் சில பகுதிகளில் லேசான மழை பெய்யக்கூடும்.
>
> (2) அதிகபட்ச வெப்பநிலை 32-33° செல்சியஸை ஒட்டியும் குறைந்தபட்ச வெப்பநிலை 25° செல்சியஸை ஒட்டியும் இருக்கக்கூடும்.
>
> (3) நேற்று நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் ஆகிய இடங்களில் அதிகபட்ச வெப்பநிலை முறையே 32.4°, 31.9° செல்சியஸ் பதிவானது.
>
> (4) நுங்கம்பாக்கத்தில் இது இயல்பைவிட 1.2° அதிகம்.
>
> (5) இன்று காலை நுங்கம்பாக்கத்தில் குறைந்தபட்ச வெப்பநிலை 24.8° செல்சியஸ் பதிவானது.
>
> (6) நேற்று காலை 8.30 மணி முதல் இன்று காலை 8.30 மணி வரை நுங்கம்பாக்கத்தில் 18.6 மி.மீ. மழை பதிவானது.

இச்சிறு பனுவலில் பாகைக்குறியோடு வரும் வெப்பநிலை எண்கள் ஆறு. நுங்கம்பாக்கத்தின் அட்டவணைக்குத் தேவையானவை இரண்டே. எஞ்சிய நான்கையும் விலக்குவதற்கான சான்று எண்களில் இல்லை; தொடர்களில் உள்ளது.

4. பனுவலை ஆயத்தம் செய்தல்

முதற்பணி எழுத்துருவை ஒருமைப்படுத்துவது. 'பொழிவு' என்னும் சொல்லின் ஒகர உயிர்க்குறி ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் வரலாம். எகரக்குறியும் காற்குறியும் சேர்ந்த இரு குறியீடுகளாகவும் வரலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். `NFC` என்னும் இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்கும். பாகைக்குறிக்குப் பதிலாக அதனை ஒத்த வேறொரு குறி தட்டச்சாகியிருப்பதும் உண்டு. அதனையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தொடர்களைப் பிரிப்பது. முற்றுப்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டினால் '32.4' இரண்டாகும், '8.30' இரண்டாகும். புள்ளிக்குப்பின் இடைவெளி உள்ளபோது மட்டும் வெட்டினால் இது தவிர்க்கப்படும், ஆனால் 'மி.மீ. மழை' என்பது அப்போதும் முறியும். எனவே அலகுக் குறுக்கங்களை முதலில் புள்ளியற்ற வடிவாக்க வேண்டும்.

```python
import re, unicodedata
from datetime import timedelta

TA = r"[\u0B80-\u0BFF]*"

def prepare(text):
    t = unicodedata.normalize("NFC", text).replace("º", "°")
    t = re.sub(r"மி\.\s?மீ\.?|மில்லி\s?மீட்ட" + TA, "மிமீ", t)
    t = re.sub(r"செ\.\s?மீ\.?|சென்டி\s?மீட்ட" + TA, "செமீ", t)
    return re.split(r"(?<=[.;])\s+", t)
```

மேலுள்ள நிரலில் 'மில்லிமீட்டர்' என்று முழுச்சொல்லைத் தேடாமல் 'மில்லிமீட்ட' என்ற அளவில் நிறுத்தியமைக்குக் காரணம் உண்டு. 'மில்லிமீட்டரும்' என்னும்போது ரகர ஒற்றின் மேல் உகரம் ஏறுகிறது. இலக்கணத்தில் உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் இந்நிகழ்ச்சி, குறியீட்டு நிலையில் புள்ளி நீங்கி உயிர்க்குறி வந்து அமர்வதாகும். ஆகவே புள்ளியோடு முடியும் வடிவத்தைத் தேடினால் உருபேற்ற வடிவங்கள் எவையும் அகப்படா. இறுதி எழுத்தின் குறியை விட்டுவிட்டுத் தேடுவதே பாதுகாப்பானது. 'நேற்று', 'நேற்றைய' ஆகிய இரண்டையும் 'நேற்ற' என்று தேடுவதும் இதுபற்றியே.

பைத்தான் மொழியின் `re` கூற்றில் சொல்லெழுத்தைக் குறிக்கும் `\w` என்னும் குறியைத் தமிழுக்கு நம்பக்கூடாது. அது உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. 'சென்னை' என்னும் சொல்லைச், ச, ன, ன என மூன்று துண்டுகளாகச் சிதைக்கும். மேலே `TA` எனத் தமிழ்க்குறியீட்டு எல்லை தனியே வரையறுக்கப்பட்டது அதனாலேயே.

5. தொடரை வகைப்படுத்தல்

தமிழ்த் தொடரில் வினைமுற்று இறுதியில் நிற்பது. இடமிருந்து வலமாகப் படிக்கும்போது எண் முதலில் வந்துவிடும். அது நிகழ்ந்ததா நிகழவிருப்பதா என்பது பின்னரே தெளிவாகும். எனவே முழுத்தொடரையும் நோக்கி அதன் வகையை முடிவு செய்தபின்னரே எண்ணைத் தொட வேண்டும்.

'பெய்யக்கூடும்', 'இருக்கக்கூடும்' என முடியும் முதலிரு தொடர்களும் முன்னறிவிப்பு, அவை நீங்கும். இரண்டாம் தொடரில் 'அடுத்த' என்னும் சொல் இல்லாமையை நோக்குக. முதல் தொடரின் காலக்கிளவி இரண்டாவதற்கும் பொருளளவில் தொடர்கிறது. ஆயினும் வடிவளவில் அதனை முன்னறிவிப்பென்று காட்டுவது வினைமுற்று மட்டுமே. ஆதலால் 'அடுத்த' என்பதை நம்பி அமைத்த விதி இங்குத் தோற்கும்.

நான்காம் தொடர் ஒப்பீடு. உறழ்பொருளில் வரும் 'விட' என்னும் சொல் அதனை உணர்த்துகிறது. ஆனால் இச்சொல்லைத் தேடும்போது 'மழை விட்டு விட்டுப் பெய்தது' என்னும் தொடரும் அகப்பட்டுவிடும். அங்குள்ள 'விட்டு' வினையெச்சம். ஐகார இறுதியை அடுத்து வரும் 'விட' என்று விதியைக் குறுக்கினாலும் பயனில்லை. 'மழை' என்பதும் ஐகார இறுதியே. டகரத்தின்மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாதபோது மட்டும் ஒப்பீடாகக் கொள்வதே தீர்வு.

```python
NUM = r"(\d+(?:\.\d+)?)"
SKIP = re.compile(r"கூடும்|விட(?![\u0BBE-\u0BCD])|காட்டிலும்")

def read(s, d):
    if SKIP.search(s):
        return None
    day = d - timedelta(days=1) if "நேற்ற" in s else d
    if "அதிகபட்ச" in s:
        return "max", day, re.findall(NUM + r"\s*°", s)
    if "குறைந்தபட்ச" in s:
        return "min", day, re.findall(NUM + r"\s*°", s)
    if "மழை" in s:
        return "rain", d, re.findall(NUM + r"\s*(மிமீ|செமீ)", s)
```

வெப்பநிலைக்குரிய நாளை அறிக்கையின் நாளிலிருந்து எப்போதும் ஒன்று கழித்துப் பெறாமல், தொடரிலுள்ள 'நேற்று' என்னும் சொல்லைக் கொண்டு பெறுவது கருதத்தக்கது. மாலையில் வெளியாகும் அறிக்கையில் அதிகபட்சம் 'இன்று' என்றே வரும். மழைக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. ஆறாம் தொடரில் 'நேற்று', 'இன்று' இரண்டும் உள்ளன. கால எல்லையின் முடிவே மழையின் நாளாதலால் அறிக்கையின் நாள் நேரே கொள்ளப்படுகிறது.

காலை நாளிதழ்களிலிருந்து தொகுக்கும்போது இச்சுட்டுகளின் பொருள் மேலும் ஒரு படி நகரும். 2ஆம் நாளிதழில் அச்சான செய்தி 1ஆம் நாள் எழுதப்பட்டது. அதிலுள்ள 'நேற்று' பெரும்பாலும் இதழின் நாளை ஒட்டித் திருத்தப்பட்டிருக்கும். அறிக்கையை அப்படியே எடுத்தாண்ட இடங்களில் திருத்தப்படாமலும் இருக்கும். ஒவ்வோர் இதழின் வழக்கையும் தனித்தனியே கண்டறிந்து, நாளை அதற்கேற்பக் கொடுப்பதன்றி இதற்கு வேறு வழியில்லை.

மூன்றாம் தொடரில் ஊர்ப்பெயர் இரண்டும் எண் இரண்டும் 'முறையே' என்னும் சொல்லால் இணைகின்றன. நன்னூல் கூறும் பொருள்கோள் எட்டனுள் ஒன்றாகிய நிரல்நிறையின் உரைநடை வடிவம் இது. பெயர்களையும் எண்களையும் வரிசைப்படி இணைத்தால் நுங்கம்பாக்கத்திற்கு 32.4 கிடைக்கும். பெயர்களின் தொகையும் எண்களின் தொகையும் ஒவ்வாதவிடத்துக் கணினி ஊகிக்கக் கூடாது. அத்தொடரை மனிதப் பார்வைக்கு ஒதுக்க வேண்டும். அதிகபட்சமும் குறைந்தபட்சமும் ஒரே தொடரில் வரும் அறிக்கைகளையும் இச்சோதனையே பிடித்துத் தரும். ஊர்ப்பெயரைத் தேடும்போதும் 'நுங்கம்பாக்க' என்ற அளவில் நிறுத்த வேண்டும். மகரவீற்றுப் பெயர் உருபேற்கும்போது மகரம் கெட்டு அத்துச்சாரியை பெற்று 'நுங்கம்பாக்கத்தில்' என நிற்பதால் முழுப்பெயர் அங்கு இராது.

6. இன்மையின் மூன்று நிலைகள்

மழைநிரலில் எண் இல்லாமைக்கு மூன்று பொருள்கள் உண்டு. மழை பெய்யவில்லை என்பது ஒன்று. அளக்க இயலாத அளவு தூறியது என்பது மற்றொன்று. அளவு கிடைக்கவில்லை என்பது மூன்றாவது. முதலாவதற்குச் சுழியமும், இரண்டாவதற்குத் தனிக்குறியும், மூன்றாவதற்கு வெற்றிடமும் இடவேண்டும். மூன்றையும் சுழியமாக்கினால் மாதத்தின் மழைநாள் எண்ணிக்கை சரியாகத் தோன்றும். கருவி பழுதுற்ற வாரமும் வறண்ட வாரமாகிவிடும்.

இவற்றைப் பிரிப்பதில் எதிர்மறை வினை கூர்ந்து நோக்கத்தக்கது. 'மழை பதிவாகவில்லை' என்பது மழை இன்மையைக் குறிக்கும். 'மழையளவு பதிவு செய்யப்படவில்லை' என்பது அளத்தல் நிகழாமையைக் குறிக்கும். தன்வினை போல் நிற்கும் 'ஆக' என்னும் வடிவும் செயப்பாட்டு வடிவும் இங்கு அட்டவணையின் பொருளையே மாற்றுகின்றன. 'இல்லை' என்னும் சொல்லைத் தேடுவதும் போதாது. 'பதிவாகவில்லை' என்பதில் இகரம் வகர உடம்படுமெய்யோடு சேர்ந்து குறியாகிவிடுவதால் அத்தேடலில் அது அகப்படாது. இரு வடிவங்களையும் தனித்தனியே கொடுக்க வேண்டும்.

ஊர்வாரியான மழைப்பட்டியல்களில் அளவு பெரும்பாலும் சென்டிமீட்டரில் முழு எண்ணாகத் தரப்படும். அங்கு 1 என்பது ஏறத்தாழ 5 முதல் 14 மில்லிமீட்டர் வரையிலான எதனையும் குறிக்கலாம். அதனை 10.0 என்று எழுதினால் இல்லாத நுண்மையை ஏற்றியவராவோம். மூல அலகைத் தனி நிரலில் வைத்துக்கொள்வது நன்று. அப்பட்டியலில் ஓர் ஊரின் பெயர் இல்லாமை அவ்வூரில் மழை இன்மைக்குச் சான்றாகாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

7. பெறப்பட்ட அட்டவணையும் சோதனையும்

மாதிரி அறிக்கைக்கு முந்தைய நாள் அறிக்கையில் 'இன்று காலை குறைந்தபட்ச வெப்பநிலை 25.3°, மழை பதிவாகவில்லை' என்றும், மறுநாள் அறிக்கையில் 'நேற்று அதிகபட்ச வெப்பநிலை 30.1°' என்றும் இருப்பதாகக் கொண்டால், நுங்கம்பாக்கத்திற்குரிய அட்டவணை பின்வருமாறு அமையும்.

| நாள் | அதிகபட்சம் (°செ) | குறைந்தபட்சம் (°செ) | காலை 8.30 உடன் முடிந்த 24 மணி நேர மழை (மிமீ) |
|---|---|---|---|
| 31-10-2023 | 32.4 | 25.3 | 0.0 |
| 01-11-2023 | 30.1 | 24.8 | 18.6 |

நவம்பர் அறிக்கையிலுள்ள 32.4 அக்டோபர் வரிசைக்குச் சென்றிருப்பதைக் காண்க. ஒரு மாதத்தின் அட்டவணையை நிறைவு செய்ய அடுத்த மாதத்தின் முதல் அறிக்கை வேண்டும். ஆண்டின் அட்டவணைக்கு மறு ஆண்டின் முதல் அறிக்கை வேண்டும்.

சோதனைகளுள் எளியது எல்லைச்சோதனை. நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகு வெப்பநிலை 2003 மே 31 அன்று பதிவான 45.0° செல்சியஸ் ஆகும். இதனை மீறும் எண்ணும், அதிகபட்சத்தை விஞ்சிய குறைந்தபட்சமும் உடனே ஐயத்திற்குரியன. ஒப்பீட்டு எண்ணாகிய 1.2 தவறி நுழைந்திருந்தால் இச்சோதனையிலேயே வெளிப்படும்.

முன்னறிவிப்பு நுழைந்திருந்தால் எல்லைச்சோதனை அதனைக் காட்டாது. அவ்வெண் இயல்பான அளவிலேயே இருக்கும். அதனைக் காட்டுவது பதின்மக்கூறு. பதிவு 32.4 எனப் பதின்மத்தோடு வரும். முன்னறிவிப்பு 33 என முழு எண்ணாக வரும். நிரலில் முழு எண்கள் அடர்ந்து தோன்றும் இடங்களில் மூல அறிக்கையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

நாள் பிசகைக் கண்டறிவது இவற்றினும் கடினம். எண்கள் யாவும் சரியாக இருக்க அவற்றின் இடமே தவறியிருக்கும். அதே நிலையத்திற்கு வேறு வழியில் கிடைத்த ஒரு மாதப் பதிவை அருகில் வைத்து, அதிகபட்ச நிரலை முதலில் உள்ளபடியும், பின்னர் ஒரு நாள் முன்னும், ஒரு நாள் பின்னும் நகர்த்தி ஒப்பிட வேண்டும். நகர்த்திய நிலையில் பொருத்தம் மிகுமாயின் அட்டவணை பிசகியுள்ளது என்பது தெளிவு. மழைநிரலுக்கும் இதனைத் தனியே செய்ய வேண்டும். ஒரு நிரல் சரியாக இருக்க மற்றொன்று பிசகியிருக்கலாம்.

8. முடிவுரை

வானிலை அறிக்கையை அட்டவணையாக்குவதில் எண் தேடல் சிறு பகுதியே என்பது மேற்கண்ட ஆய்வால் பெறப்படுகிறது. மாதிரி அறிக்கையின் எண்களைப் பிரித்து உரிய இடத்தில் நிறுத்தியவை 'நேற்று', 'இன்று' என்னும் காலக்கிளவிகளும், 'கூடும்', 'பதிவானது' என்னும் முற்றுகளும், உறழ்பொருளில் வந்த 'விட' என்பதும், நிரல்நிறையைக் காட்டும் 'முறையே' என்பதுமே. தொடர்களின் இலக்கணம் மாறாதவரை இவ்விதிகள் செல்லும். அறிக்கை வெளியாகும் நேரமோ நடையோ மாறிய நாளிலிருந்து அவை சோதனைக்குரியன. ஆகவே அட்டவணையின் ஒவ்வொரு வரிசையோடும் அது பெறப்பட்ட மூலத்தொடரையும் சேர்த்துக் காப்பது இன்றியமையாதது. பின்னாளில் ஓர் எண் ஐயத்திற்குள்ளானால் அதனைத் தீர்க்கும் சான்று அத்தொடரே.